ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்த் திட்டத்துக்கு ஏன் இரண்டாயிரத்துச் சொச்சம் பில் வந்தது?

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்தும் நண்பர் ஒருவருக்கு நான் அவ்வப்போது கணக்குப் பார்த்துக் கொடுப்பது உண்டு. சரக்கு இருப்புக் கணக்குக்காக அவர் மாதச் சந்தாவில் ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார். மாதம் 600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஜூன் நடுவில் வேலை கூடியதால் 1,500 ரூபாய்த் திட்டத்துக்கு மாறினார். மாறிய அன்று ஒரு பைசாவும் எடுக்கவில்லை. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி வந்தது: 2,469.15 ரூபாய் எடுக்கப்படப் போகிறது. 1,500 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 1,770தானே வர வேண்டும், மீதி 699 ரூபாய் 15 காசு எதற்கு என்று கேட்டார்.

சந்தா மென்பொருளுக்குப் புதிதாக வருகிற எல்லோரும் முதல் தடவை இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அந்த 699 ரூபாய் ஏமாற்று அல்ல, அபராதமும் அல்ல. அது ஜூன் மாதத்துப் பாக்கி. ஜூலைக்கான முன்பணத்தோடு அந்தப் பாக்கியும் ஒரே தாளில் வந்துவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

பாக்கி எப்படி வருகிறது

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அறை எடுத்தவருக்கு இது உடனே பிடிபடும். மாதம் பிறந்ததும் சிறிய அறைக்கு முழு வாடகையும் கொடுத்தாயிற்று. பதினோராம் தேதி பெரிய அறை காலியாகிறது, மாறிக்கொள்கிறீர்கள். நியாயமான மேலாளர் என்ன செய்வார்? சிறிய அறையில் நீங்கள் இனித் தங்காத நாட்களின் வாடகையைத் திரும்பக் கணக்கில் வைப்பார். பெரிய அறையில் தங்கப் போகும் அதே நாட்களுக்கு அதன் வாடகையைப் போடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த மாத வாடகையோடு வாங்கிக்கொள்வார்.

மென்பொருள் சந்தாவும் முன்பணம்தான். ஜூன் 1 அன்று செலுத்திய 600 ரூபாய் ஜூன் முழுவதற்குமானது. நடுவில் திட்டம் மாறியதும், பழைய திட்டத்தில் பயன்படுத்தாமல் விட்ட காலத்துக்கு ஒரு கழிவும், புதிய திட்டத்தில் மிச்சமிருக்கும் காலத்துக்கு ஒரு கட்டணமும் என இரண்டு பதிவுகள் உருவாகின்றன. ஆங்கில பில்லிங் திரைகளில் இதற்கு `Proration` என்று பெயர். நான் நாள் கணக்கு என்றே சொல்லிக்கொள்கிறேன். இன்வாய்ஸில் அந்தச் சொல் பெரும்பாலும் இருக்காது, வேறு வாசகங்கள் இருக்கும். அவற்றைப் பார்ப்போம்.

முதல் வேலை: பில் மாதத்தைக் கண்டுபிடிப்பது

இன்வாய்ஸைத் திறப்பதற்கு முன் பழைய இன்வாய்ஸை எடுங்கள். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று காலம் குறித்திருக்கும். அதுதான் உங்கள் பில் மாதம். அது காலண்டர் மாதமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 17ஆம் தேதி சந்தா சேர்ந்தவருக்கு 17 முதல் அடுத்த மாதம் 17 வரை. நண்பருக்கு ஜூன் 1 காலை 10 மணி முதல் ஜூலை 1 காலை 10 மணி வரை. சரியாக 30 நாள்.

அடுத்து, திட்டத்தை மாற்றிய நாளும் நேரமும் வேண்டும். மாற்றியதும் வந்த மின்னஞ்சலில் அது இருக்கும். நண்பருக்கு ஜூன் 11, மாலை 4 மணி. நேரம் எதற்கு என்று தோன்றலாம். பல மென்பொருள் நிறுவனங்கள் பில் போடுவதற்கு Stripe போன்ற சேவைகளைப் பயன்படுத்துகின்றன. அது நாள் கணக்காக அல்ல, நொடிக் கணக்காகவே பிரிக்கிறது. காலையில் மாறினால் ஒரு தொகை, மாலையில் மாறினால் சற்றுக் குறைந்த தொகை. உங்கள் மனக்கணக்குக்கும் இன்வாய்ஸுக்கும் சில ரூபாய் இடிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஜூன் 11 காலை 10 மணிக்கு மாறியிருந்தால் மிச்சம் 20 நாள். மாலை 4 மணிக்கு மாறியதால் ஆறு மணி நேரம், அதாவது கால் நாள் குறைகிறது. மிச்சம் 19.75 நாள்.

இன்வாய்ஸை மேலிருந்து கீழே படிப்பது

நண்பருக்கு வந்த ஜூலை 1 இன்வாய்ஸின் உடல் பகுதி இப்படி இருந்தது. திட்டங்களின் பெயரை மட்டும் பொதுவாக மாற்றியிருக்கிறேன்.

```
Unused time on Basic after 11 Jun 2025     -₹395.00
Remaining time on Pro after 11 Jun 2025     ₹987.50
1 × Pro (at ₹1,500.00 / month)            ₹1,500.00
Subtotal                                  ₹2,092.50
GST 18%                                     ₹376.65
Total                                     ₹2,469.15
```

முதல் பதிவில் கழித்தல் குறி இருக்கிறது. `Unused time` என்று தொடங்குவது பழைய திட்டத்தில் நீங்கள் காசு கொடுத்தும் பயன்படுத்தாத காலம். 600 ரூபாயை 30ஆல் வகுத்தால் நாளுக்கு 20 ரூபாய், 19.75 நாளுக்கு 395. இந்தப் பணம் உங்களுடையது. கையில் திரும்ப வராது, கணக்கில் கழியும்.

இரண்டாவது பதிவு, `Remaining time`, அதே 19.75 நாளுக்குப் புதிய திட்டத்தின் கட்டணம். 1,500ஐ 30ஆல் வகுத்தால் நாளுக்கு 50 ரூபாய், 19.75 நாளுக்கு 987 ரூபாய் 50 காசு.

இந்த இரண்டும் ஜோடி. ஒன்றை விட்டு மற்றொன்றைப் படிக்கக் கூடாது. இரண்டாவதை மட்டும் பார்த்தவர்தான் ஒரு மாதத்துக்கு இரண்டு தடவை வாங்கிவிட்டார்கள் என்று கொதிக்கிறார். ஜோடியின் நிகர மதிப்பு 592 ரூபாய் 50 காசு. ஜூன் மாதத்துக்கு அவர் கூடுதலாகத் தர வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது பதிவுக்கும் ஜூனுக்கும் சம்பந்தம் இல்லை. அது ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 1 வரைக்கான முழு முன்பணம். பதிவுக்குக் கீழேயோ பக்கத்திலோ சிறிய எழுத்தில் காலம் அச்சாகியிருக்கும். தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் தேதிகளைப் பாருங்கள். ஒவ்வொரு பதிவும் எந்த மாதத்துக்கானது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நண்பரின் தாளில் நான் அதைத்தான் செய்தேன்: ஜூன், ஜூன், ஜூலை. அதன்பின் அவர் கேள்வி கேட்கவில்லை.

பிறகு ஜிஎஸ்டி. அது நிகரத் தொகைக்கு மேல், அதாவது கழிவைக் கழித்த பிறகு வருகிற 2,092.50க்கு மேல் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். 395 ரூபாய்க்கான ஜிஎஸ்டியை ஜூன் 1 அன்றே செலுத்திவிட்டீர்கள். கழிவைக் கழிப்பதற்கு முன்பே ஜிஎஸ்டி போட்டிருந்தால் அதே பணத்துக்கு இரண்டு தடவை கட்டியதாகிவிடும். ஜிஎஸ்டி ஒரே பதிவாக இல்லாமல் 9 சதவீதம் வீதம் இரண்டாகப் பிரிந்திருந்தாலும் மொத்தம் அதேதான்.

இப்போது அந்த 699 ரூபாய் 15 காசு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது: 592.50, அதற்கு 18 சதவீதமாக 106.65. கூட்டிப் பாருங்கள்.

ஒரே வரியில் சரிபார்ப்பது

ஒவ்வொரு தடவையும் இரண்டு பதிவுகளையும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. இரு திட்டங்களின் விலை வித்தியாசத்தை எடுத்து, மிச்ச நாளால் பெருக்கி, பில் மாதத்தின் மொத்த நாளால் வகுத்தால் நிகரம் வந்துவிடும்.

```
(1500 - 600) × 19.75 / 30 = 592.50
```

இதிலேயே ஓர் எல்லையும் இருக்கிறது. பில் மாதத்தின் முதல் நொடியிலேயே மாறினால்கூட நிகரம் 900ஐத் தாண்ட முடியாது. ஒரே ஒரு நாள் மிச்சமிருக்கும்போது மாறினால் 30 ரூபாய்தான். மாதம் முடியட்டும், பிறகு மாறுவோம் என்று தேவையை ஒத்திப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாள் கணக்கு போடும் நிறுவனத்திடம் அப்படிக் காத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை. ஒரே திட்ட மாற்றத்துக்கு நிகரம் விலை வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் ஏதோ தவறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுக்கும் எண்ணில் கவனம் வேண்டும். எல்லா மாதத்துக்கும் 30 போடக் கூடாது. 1,500 ரூபாய்த் திட்டத்தின் ஒரு நாள் விலை 28 நாள் பிப்ரவரியில் 53 ரூபாய் 57 காசு. 31 நாள் மாதத்தில் 48 ரூபாய் 39 காசு. தேதியும் ஒரு நாள் முன்னே பின்னே தெரியலாம். சில நிறுவனங்களின் கணினிக் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், நீங்கள் 12ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குச் செய்த மாற்றம் இன்வாய்ஸில் 11 என்று நிற்கும். தொகை சரியாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

வேறு முகங்களில் வரும்போது

மேலே சொன்னது வழக்கமான முறை. எல்லா நிறுவனமும் அதையே செய்வதில்லை. ஆகவே மாற்றத்தை உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: இன்று எவ்வளவு எடுப்பார்கள், அடுத்த பில் தேதி என்ன.

இன்று எடுப்பது பூஜ்யம், பில் தேதி பழையதே என்றால் நண்பரின் கதைதான். பாக்கி அடுத்த இன்வாய்ஸில் வரும். இன்றே ஒரு தொகை, பில் தேதி மட்டும் பழையது என்றால் அதே ஜோடிப் பதிவுகள் இன்றே தனி இன்வாய்ஸாக வருகின்றன. அடுத்த மாத இன்வாய்ஸ் சாதாரணமாக இருக்கும். பில் தேதியும் மாறுகிறது என்றால், புதிய பில் மாதம் இன்றே தொடங்குகிறது. நண்பருக்கு அப்படி நடந்திருந்தால் ஜூன் 11 அன்று 1,500இல் 395 கழித்து 1,105 ரூபாயும் ஜிஎஸ்டியும் எடுத்திருப்பார்கள். இனி ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதி பில். மாதச் சந்தாவிலிருந்து ஆண்டுச் சந்தாவுக்கு மாறும்போது பொதுவாக இப்படித்தான் ஆகும். இலவசத் திட்டத்திலிருந்து வந்தவருக்குக் கழிவுத் தொகையே இருக்காது, கொடுத்தது எதுவும் இல்லையே.

ஆட்களின் எண்ணிக்கைப்படி கட்டணம் வாங்கும் மென்பொருளில் இன்வாய்ஸ் இன்னும் பயமுறுத்தும். ஆளுக்கு மாதம் 400 ரூபாய் என்று ஐந்து பேருக்கு வாங்கியிருக்கிறீர்கள். பாதி மாதத்தில் இரண்டு பேரைச் சேர்க்கிறீர்கள். அந்த இரண்டு பேருக்கான 400 ரூபாய் மட்டும் தனியாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்வாய்ஸிலோ ஐந்து பேருக்கான பழைய கட்டணம் முழுவதையும் கழித்து, ஏழு பேருக்குப் புதிதாகப் போட்டிருப்பார்கள்: கழிவு 1,000, கட்டணம் 1,400. பெரிய எண்கள், நிகரம் அதே 400.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை திட்டம் மாறினால் இரண்டு ஜோடி வரும். நண்பர் 21ஆம் தேதி மாலை 4 மணிக்கு மறுபடியும் 3,000 ரூபாய்த் திட்டத்துக்கு ஏறியிருந்தால், மிச்சமிருக்கும் 9.75 நாளுக்கு 487.50 கழிவு, 975 கட்டணம் என்று இன்னொரு ஜோடி சேர்ந்திருக்கும். பதிவுகள் ஜோடி ஜோடியாகவே அடுக்கப்பட்டிருக்கும் என்று நம்ப வேண்டாம். `after` என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் தேதியை வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி இருந்தால் கழிவு குறையும். 20 சதவீதத் தள்ளுபடியில் 480 ரூபாய்தான் செலுத்தியிருந்தீர்கள் என்றால், கழிவு 395 அல்ல, 316. அதில் அநியாயம் இல்லை, கொடுத்ததில்தானே திரும்பக் கேட்க முடியும். ஆனால் அந்தத் தள்ளுபடி பழைய திட்டத்துக்கு மட்டும் என்று இருந்து, மாறிய நிமிடமே அது போய்விடுவதும் நடக்கிறது. இதை மாறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பின்னால் கேட்டால் பெரும்பாலும் பதில் சாதகமாக இருக்காது.

வங்கிப் பக்கம் நடப்பது

கார்டில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கியின் விதிப்படி எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியில் தொகை மொத்தமாகத்தான் இருக்கும், அதில் எதற்கு எவ்வளவு என்ற விவரம் இருக்காது. அதைப் பார்த்துப் பதறி அனுமதியையே ரத்து செய்துவிடாதீர்கள். மென்பொருள் கணக்கில் உள்ள பில்லிங் பக்கத்துக்குப் போனால் வரவிருக்கும் இன்வாய்ஸின் முன்னோட்டம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பல நிறுவனங்கள் காட்டுகின்றன.

இன்னொரு சிக்கல், அனுமதி கொடுத்தபோது வைத்த உச்சவரம்பு. நாள் கணக்குப் பாக்கி சேரும் மாதத்தில் மட்டும் தொகை அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். இத்தகைய சந்தாக்களில் ஒரு தவணை 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்கப்படும். மாதம் 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு மாறியவருக்கு முதல் இன்வாய்ஸ் மட்டும் 17,000 வந்து, தானாகப் போக வேண்டிய பணம் போகாமல் நிற்பது இப்படித்தான். கார்டில் கோளாறு இல்லை. இன்வாய்ஸில் உள்ள இணைப்பின் வழியாக அந்த மாதம் மட்டும் கையால் செலுத்திவிட்டால் போதும்.

உண்மையிலேயே தவறு இருந்தால்

எனக்கே ஒரு தடவை நேர்ந்தது. பெயர் வேண்டாம், ஒரு சிறிய நிறுவனத்தின் சந்தா. புதிய திட்டத்தின் மிச்ச நாள் கட்டணம் இருந்தது. கழித்தல் குறி போட்ட பதிவைக் காணவில்லை. பழைய திட்டத்தை நிறுத்திவிட்டுப் புதிதாக இன்னொரு சந்தா தொடங்கியதாக அவர்கள் பக்கம் பதிவாகியிருந்தது. இது நடந்ததா என்று கண்டுபிடிக்க எளிய வழி, இன்வாய்ஸில் கழித்தல் குறியைத் தேடுவதுதான். காசு கொடுத்த திட்டத்திலிருந்து மேலே ஏறியிருக்கிறீர்கள், நிறுவனம் நாள் கணக்கு போடுகிறது, ஆனால் இன்வாய்ஸில் எங்கேயும் கழித்தல் குறி இல்லை என்றால் உடனே எழுதலாம்.

எழுதும்போது பில் அதிகம் என்று மட்டும் எழுதினால், எங்கள் விலைப்பட்டியலைப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். எனக்கு முதலில் அதுதான் வந்தது. இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்:

"இன்வாய்ஸ் எண் இது. என் பில் மாதம் 1ஆம் தேதி முதல் 1ஆம் தேதி வரை. பழைய திட்டத்துக்கு இந்த மாத முழுத் தொகையையும் செலுத்தியிருக்கிறேன். அதன் இன்வாய்ஸ் எண் இது. திட்டம் மாற்றிய நாளும் நேரமும் இவை. மிச்ச காலத்துக்கான கழிவு இவ்வளவு வர வேண்டும், இன்வாய்ஸில் அந்தப் பதிவு இல்லை. வரவுச் சீட்டு அனுப்பவும்."

மறுநாளே வரவுச் சீட்டு வந்தது. பணம் கார்டுக்குத் திரும்பவில்லை, கணக்கில் இருப்பாக நின்று அடுத்த இன்வாய்ஸில் கழிந்தது. கீழ்த் திட்டத்துக்கு இறங்குகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான்: கழிவு கட்டணத்தைவிடப் பெரிதாக இருக்கும், வித்தியாசம் கைக்கு வராமல் கணக்கிலேயே இருப்பாக நிற்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ள தொழிலாக இருந்தால் அந்த வரவுச் சீட்டை இன்வாய்ஸோடு சேர்த்துக் கணக்காளரிடம் கொடுங்கள். வாங்கியதற்குக் கட்டிய ஜிஎஸ்டிக்காக எடுக்கும் உள்ளீட்டு வரி வரவையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது, பாக்கி சேர்ந்து வந்த இன்வாய்ஸுக்கு அடுத்த மாத இன்வாய்ஸ். நண்பருக்கு ஆகஸ்ட் 1 அன்று வந்ததில் ஒரே பதிவுதான் இருந்தது: 1,500, ஜிஎஸ்டி 270, மொத்தம் 1,770. திட்டத்தை மறுபடி மாற்றாத நிலையில் அதிலும் `Remaining time` என்று ஜூன் தேதியோடு ஒரு பதிவு இருந்திருந்தால், மேலே உள்ளது போன்ற ஒரு கடிதத்தை அவருக்காகவும் அந்த நிறுவனத்துக்கு எழுதியிருப்பேன்.